‘கலை’ சாரா, மேடமா? பெயர் பிடிபடாத எச்.ஆருக்கு மெயிலைத் தொடங்கும் விதம்

கிண்டியில் ஒரு கம்பெனி, அக்கவுன்ட்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தின் அடியில் இரண்டே வரி:

```
Contact: Kalai Rajendran, Talent Acquisition
kalai.r@example.com
```

ரெஸ்யூம் தயார். எழுத வேண்டிய விஷயமும் மனதில் ஓடுகிறது. ஆனால் முதல் வரியிலேயே கை நின்றுவிடுகிறது. இந்தக் கலை, கலைச்செல்வியா கலைச்செல்வனா? கலையரசியாகவும் இருக்கலாம், கலையரசனாகவும் இருக்கலாம். ‘டியர் சார்’ போட்டு எதிரில் இருப்பவர் பெண்ணாக இருந்தால் சங்கடம். ‘டியர் மேடம்’ போட்டு ஆணாக இருந்தால் அதைவிடச் சங்கடம்.

தமிழில் எழுதினால் இந்தச் சிக்கலே வராது. ‘கலை அவர்களுக்கு, வணக்கம்’ என்று தொடங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ‘அவர்கள்’ ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். ‘சொன்னார்’, ‘கேட்டிருந்தார்’ என்று வினைச்சொல்லும் பாலைக் காட்டாமல் மரியாதையைக் காட்டும். பள்ளியில் நாம் படித்த ஆங்கிலக் கடிதத்தில் மட்டும் மரியாதை என்றாலே சார், மேடம், மிஸ்டர், மிஸ் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். அதனால் மரியாதை வேண்டும் என்றால் பாலைத் தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி ஒன்றும் இல்லை. ஆங்கிலத்திலும் ‘கலை அவர்களுக்கு’ என்பதற்கு நேர் நிகரான ஒரு வடிவம் இருக்கிறது:

```
Dear Kalai Rajendran,
```

அடைமொழி இல்லாமல் முழுப் பெயர், பிறகு ஒரு காற்புள்ளி. அவ்வளவுதான். பெயர் தெரிந்து பால் தெரியாத எல்லா இடத்திலும் இது செல்லும். முன்பின் தெரியாதவரை வெறும் ‘கலை’ என்று கூப்பிடுகிற நெருக்கமும் இதில் இல்லை, ஊகித்து அடைமொழி ஒட்டுகிற ஆபத்தும் இல்லை. ‘மிஸ்டர் இல்லாமல் எழுதினால் மொட்டையாக இருக்காதா’ என்று தோன்றலாம். படிக்கிறவருக்கு அப்படித் தெரியாது. தன் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் முழுதாக இருக்கிறது என்பதுதான் அவர் கண்ணில் படும்.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெயர்களுக்கே உரியது. ஆங்கிலக் கடித முறையைப் புத்தகத்தில் படித்தவர்கள், பெயரின் இரண்டாம் பகுதியைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு இப்படி எழுதுவார்கள்:

```
Dear Mr. Rajendran,
```

நம் ஊரில் பெரும்பாலான பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். அந்த ‘ஆர்’ அநேகமாக அப்பாவின் பெயர், சிலருக்குக் கணவரின் பெயர். கம்பெனி ஃபாரத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் ‘ஆர். கலை’ என்பவர் ‘கலை ராஜேந்திரன்’ ஆகிவிடுகிறார். எனவே ‘டியர் மிஸ்டர் ராஜேந்திரன்’ என்று எழுதினால், வேலை தருகிறவரின் அப்பாவுக்கு விண்ணப்பம் போட்டதாகிவிடும். ‘மிஸ் ராஜேந்திரன்’ என்று எழுதினாலும் அதே கதைதான். ராஜேந்திரன் என்ற ஆண்பெயரைப் பார்த்துவிட்டு, கலையும் ஆண்தான் என்று முடிவு கட்டுவது இதைவிடப் பொதுவான தவறு. இரண்டாம் பகுதி அப்பாவின் பாலைத்தான் சொல்கிறது. கலையின் பாலைச் சொல்லவில்லை.

ஒருவேளை பால் உறுதியாகத் தெரிந்து, அடைமொழி போட்டே ஆக வேண்டிய சம்பிரதாயமான இடமாக இருந்தாலும், நம்மூர்ப் பெயரில் அடைமொழி இயற்பெயரோடு சேரும்: மிஸ் கலைச்செல்வி, மிஸ்டர் கலைச்செல்வன். பெண் என்றால் ‘மிஸஸ்’ வேண்டாம். அவர் திருமணமானவரா என்பது நமக்குத் தேவையில்லாத செய்தி. `Ms.` என்பது இரண்டுக்கும் பொது.

பெயரின் வரிசையிலும் கவனம் வேண்டும். சில கம்பெனிகளின் அவுட்லுக்கில் பெயர் ‘Rajendran, Kalai’ என்று தலைகீழாகத் தெரியும். நடுவில் காற்புள்ளி இருந்தால் பின்னால் வருவதுதான் இயற்பெயர். காற்புள்ளியே இல்லாமல் ‘Rajendran Kalai’ என்று இருந்தால், அவர் அனுப்பிய மெயிலின் அடியில் எப்படிக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பாருங்கள். அவர் இன்னும் எதுவுமே அனுப்பவில்லை என்றால் மெயில் ஐடி உதவும். ‘kalai.r’ என்று இருந்தால் கலைதான் பெயர், ஆர் இனிஷியல்.

எந்தப் பெயர்களில் இந்தக் குழப்பம் வரும்? நாம் நினைப்பதைவிட அதிகம். தமிழ்ப் பெயர்களைப் பாதியில் வெட்டினால் பாதிக்குப் பால் இருக்காது. மணி என்றால் மணிகண்டனா, மணிமேகலையா? செல்வ என்று நின்றால் குமாரா, ராணியா? கிருபா, ஜோதி, ஜெயா, தமிழ், அருள்மொழி எல்லாம் வெட்டாமலே இரண்டு பக்கமும் போகும். அருள்மொழி என்றால் ராஜராஜ சோழனின் இயற்பெயர் நினைவுக்கு வரும். இன்றைக்கு அந்தப் பெயரில் எத்தனையோ பெண்களும் இருக்கிறார்கள். சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் உள்ள கம்பெனிகளில் வட இந்தியப் பெயர்களும் வரும். கிரண், சுமன் இரண்டும் இருபாலருக்கும் உண்டு. ஹர்ப்ரீத், குர்ப்ரீத், மன்ப்ரீத் போன்ற சீக்கியப் பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேதான். மரபுப்படி ஆணுக்கு ‘சிங்’, பெண்ணுக்கு ‘கௌர்’ என்று அடுத்த சொல்தான் பிரித்துக் காட்டும். வெளிநாட்டுக் கிளைக்கு எழுதும்போது நம் காதை நம்பவே கூடாது. நிகிதா நமக்குப் பெண். ரஷ்யாவில் ஆண். ஆண்ட்ரியா சென்னையில் பெண், இத்தாலியில் ஆண்.

பெயர் இருபாலுக்கும் உரியது என்று நமக்குத் தெரிந்தால் பிரச்சினை இல்லை, எச்சரிக்கையாகிவிடுவோம். ‘எனக்கு நிச்சயமாகத் தெரியும்’ என்று நினைக்கும் பெயரில்தான் சறுக்கல் நடக்கும். ஆகவே முதல் மெயிலுக்கு எளிய பழக்கம் ஒன்று: சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடைமொழியை விட்டுவிடுங்கள்.

சரி, கொஞ்சம் தேடிப் பார்த்தால் என்ன? பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். லிங்க்ட்இன்னில் வேலை விளம்பரத்தின் பக்கத்திலேயே, ஆள் எடுப்பவர் யார் என்று சில சமயம் காட்டுவார்கள். அவருடைய பக்கத்துக்குப் போனால், பெயருக்கு அருகில் `She/Her` அல்லது `He/Him` என்று அவரே போட்டிருக்கலாம். பரிந்துரைக் குறிப்பு எழுதியவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்லில் பேசியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் அதே பெயரில் சென்னையிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். கம்பெனியும் பதவியும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் கூகுள் படத்தை வைத்து முடிவெடுத்தால் வேறு யாருடைய முகத்தையோ பார்த்து மேடம் போடுவோம். தேடலில் கிடைக்க வேண்டிய பெரிய லாபம் பால் இல்லை, பெயரின் சரியான எழுத்துக்கூட்டல். கலை `Kalai` என்று எழுதுகிறாரா, `Kalay` என்றா? கார்த்திக் என்றால் `Karthik`, `Karthick`, `Kartik` எல்லாம் புழக்கத்தில் உண்டு. சார், மேடம் குழப்பத்தைக்கூட மன்னித்துவிடுவார்கள், கண்ணுக்கு முன் இருக்கும் பெயரைத் தப்பாக எழுதியதை மன்னிக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அதனால் பெயரைத் தட்டச்சு செய்யாமல், விளம்பரத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவது நல்லது. அதிலும் ஒரு வினை இருக்கிறது. அப்படியே ஒட்டினால் விளம்பரத்தின் எழுத்துருவும் நிறமும் சேர்ந்தே வந்துவிடும். பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் பெரிதாக நிற்கும், மற்ற வரிகள் வேறு மாதிரி இருக்கும். ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பியவர் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். ஜிமெயிலில் `Ctrl+Shift+V` அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும்.

இதுவரை பார்த்தது பெயர் இருக்கும் இடம். பெயரே இல்லை, `careers@` அல்லது `hr@` என்று ஒரு பொதுப் பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால்? அந்தப் பெட்டியைத் திறப்பவர் ஒருவராக இருக்க மாட்டார். காலையில் ஒருவர் பார்ப்பார், மாலையில் இன்னொருவர் பார்ப்பார், பிடித்திருந்தால் அக்கவுன்ட்ஸ் மேனேஜருக்கு அனுப்பி வைப்பார். அப்போது ஆளைக் கூப்பிடாமல் குழுவைக் கூப்பிடுவதுதான் உண்மைக்கு நெருக்கமானது:

```
Dear Hiring Team,
```

இதையே ‘டியர் ஹயரிங் மேனேஜர்’ என்று எழுதலாமா? கம்பெனிக்கு நேரடியாக எழுதினால் எழுதலாம், பரவாயில்லை. ஆனால் சென்னையில் பல விளம்பரங்கள் கன்சல்டன்சி மூலம் வருபவை. கன்சல்டன்சியில் இருப்பவர் ஆள் தேடிக் கொடுப்பவர். வேலைக்கு எடுக்கும் முடிவு கம்பெனியில் இருக்கும் மேனேஜருடையது. கன்சல்டன்சிக்காரருக்குப் போய் ‘ஹயரிங் மேனேஜர்’ என்று எழுதினால், தான் யாருக்கு எழுதுகிறோம் என்பதே தெரியாதவராகத் தெரிவோம். அங்கே `Dear Recruitment Team,` பொருந்தும். ‘டியர் எச்.ஆர்’ என்று மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. அது ‘அன்புள்ள தாலுகா ஆபீஸ்’ என்று எழுதுவது போல. கடைசியில் ‘டீம்’ என்ற ஒரு சொல் சேர்ந்தால் சரியாகிவிடும்.

‘டூ ஹூம் இட் மே கன்சர்ன்’ வேலை விண்ணப்பத்துக்கு உரியது அல்ல. யார் கையில் போகும் என்றே தெரியாத அனுபவச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் போன்றவற்றின் தலைப்பு அது. விண்ணப்பத்தில் அதைப் போட்டால், மனிதர் யாரும் படிக்காத கடிதம் போல ஒரு விறைப்பு வந்துவிடுகிறது.

இனி நாம் எல்லோரும் பழகிய ‘ரெஸ்பெக்டட் சார் / மேடம்’. லீவ் லெட்டரில் கற்றுக்கொண்டது, கையை விட்டுப் போகாது. இதைத் தவறு என்று சொல்ல மாட்டோம். தனியார் பள்ளி, கல்லூரி, பழைய முறையில் நடக்கும் அறக்கட்டளை அலுவலகம் போன்ற இடங்களில் இன்னும் இதையே எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சார், மேடம் இரண்டும் சேர்ந்து இருக்கிற வரையில் யாரையும் விட்டுவிடவும் இல்லை. ஆனால் விளம்பரத்தில் பெயரை அச்சிட்டிருந்தும் ‘சார் / மேடம்’ போட்டால் விளம்பரத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். `Dear Mr./Ms. Kalai` என்று சாய்கோடு போடுவது இன்னும் மோசம். பொருந்தாததை அடித்துவிடவும் என்று சொல்லும் அரசாங்க ஃபாரம் போல இருக்கும். `Dear Sir` மட்டும் போடுவதை இன்றோடு விட்டுவிடலாம். ஆள் எடுக்கும் வேலையில் பெண்கள் நிறைய இருக்கும் ஊரில், பார்க்காமலே ஆண் என்று முடிவு செய்த கடிதம் அது.

அரசு அலுவலகத்துக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதுவது தனிக் கணக்கு. அங்கே ஆளுக்கு எழுதுவதில்லை, பதவிக்கு எழுதுகிறோம். ‘பெறுநர்’ பகுதியில் பதவியின் பெயரும் அலுவலக முகவரியும் வரும். விளிப்பில் ‘ஐயா / அம்மையீர்’ என்று இரண்டையும் எழுதுவதே வழக்கம். அங்கே அது யாருக்கும் உறுத்தாது.

`Mx.` என்று ஓர் அடைமொழியைச் சிலர் பார்த்திருக்கலாம். ‘மிக்ஸ்’ என்று சொல்வார்கள். ஆண், பெண் என்று குறிக்க விரும்பாதவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்வது. பால் தெரியாத எல்லோருக்கும் போட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரே தன் பெயருடன் அப்படி எழுதியிருந்தால் மட்டும் நாமும் எழுதலாம்.

மறுபடியும் கிண்டி வேலைக்கு வருவோம். முதல் மெயில் இப்படி இருந்தால் போதும்:

```
Dear Kalai Rajendran,

I am applying for the Accounts Executive post
advertised this week. I have three years of
experience in GST filing and Tally.
My resume is attached.

Yours sincerely,
```

முடிவு வரியைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் வழக்கத்தில் விளிப்பும் முடிவும் ஜோடியாகப் போகும், நாம் படித்ததும் அதுதான். பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. பெயரே இல்லாமல் சார், மேடம் என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. ஜோடி மாறினால் வேலை போய்விடாது, ஆனால் கவனிக்கிறவர் கவனிப்பார். இதெல்லாம் நினைவில் நிற்காது என்றால் `Regards,` போட்டுவிடுங்கள், எதனோடும் சேரும். அமெரிக்கக் கம்பெனி என்றால் விளிப்புக்குப் பின் காற்புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். சென்னையில் இருந்துகொண்டு காற்புள்ளி வைத்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

விளிப்பில் தப்பித்தவர்கள் உள்ளே மாட்டிக்கொள்வதும் உண்டு. ‘கலையிடம் பேசினேன், அவர் சொன்னார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது `he` அல்லது `she` வந்துவிடும். பெயரையே திரும்ப எழுதுங்கள், அல்லது வாக்கியத்தை ‘உங்கள் அலுவலகத்திலிருந்து சொன்னபடி’ என்று திருப்பிவிடுங்கள். இன்னொரு இடம், பழைய மெயிலை நகலெடுத்துத் திருத்தும்போது வருவது. மேலே கலை என்று மாற்றிவிட்டு, மூன்றாவது பத்தியில் போன வாரம் எழுதிய கம்பெனியின் ‘சார்’ அப்படியே உட்கார்ந்திருக்கும். அனுப்புவதற்கு முன் மெயிலுக்குள் `sir`, `madam` என்று ஒரு முறை தேடிப் பார்த்தால் கிடைத்துவிடும்.

மறுநாள் பதில் வருகிறது. அடியில் இப்படி இருக்கிறது:

```
Regards,
Kalai
Kalaiselvi R | Talent Acquisition
```

இப்போது கலைச்செல்வி என்று தெரிந்துவிட்டது. உடனே ‘டியர் மேடம்’ என்று மாற வேண்டியதில்லை. அவர் ‘கலை’ என்று கையெழுத்திட்டிருப்பதால் அடுத்த மெயிலில் `Dear Kalai,` என்று எழுதலாம், அழைப்பு அவரிடமிருந்தே வந்துவிட்டது. ‘ஹாய்’ என்று அவர் தொடங்கியிருந்தால் நாமும் ‘ஹாய் கலை’ என்று தொடங்கலாம். ‘கலைச்செல்வி’ என்று முழுப் பெயரில் கையெழுத்திட்டிருந்தால் நாமும் முழுப் பெயரிலேயே நிற்போம். சிலர் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் `Mr.` அல்லது `Ms.` என்று அவர்களே போட்டிருப்பார்கள். பலமுறை தப்பாகக் கூப்பிடப்பட்டு அலுத்தவர்கள் அவர்கள். அதைப் பார்த்த பிறகும் தப்பு செய்தால் சாக்குச் சொல்ல வழியில்லை.

ஏற்கெனவே ‘டியர் சார்’ என்று அனுப்பி, பதில் கலைச்செல்வியிடமிருந்து வந்திருந்தால்? அடுத்த மெயிலின் விளிப்பைச் சரியாக எழுதி, விஷயத்துக்கு முன் ஒரே ஒரு வரி போடுங்கள்:

```
My apologies for the wrong salutation in my last mail.
```

விளக்கம் வேண்டாம். ‘உங்கள் பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட்டேன்’ என்று எழுதினால், தப்பு அவருடைய பெயர் மேல் போய் விழுகிறது.

இந்த வேலையெல்லாம் மெயிலோடு முடிவதில்லை. கன்சல்டன்சிக்காரர்கள் வாட்ஸ்அப்பில்தான் அதிகம் பேசுகிறார்கள். அங்கே ‘ஹாய் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது இரட்டைத் தவறு. பாலையும் ஊகித்தாயிற்று, விஷயத்தையும் சொல்லவில்லை. `Hello Kalai,` என்று தொடங்கி, உங்கள் பெயர், எந்த வேலை, என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரே செய்தியில் எழுதுங்கள்.

கம்பெனி நம்பருக்குப் போன் செய்யும்போது நம் மொழியே கை கொடுக்கும். ‘எச்.ஆர்ல கலைன்னு இருக்காங்களாம், அவங்ககிட்ட பேசணும்’ என்றால் போதும். ‘அவங்க’ யாருக்கும் பொருந்தும். ரிசப்ஷனில் இருப்பவர் ‘மேடம் மீட்டிங்ல இருக்காங்க’ என்பார். கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. ‘சாரைப் பாக்கணும்’ என்று தொடங்கியிருந்தால் ‘எந்த சார்?’ என்று திருப்பிக் கேட்டிருப்பார். இன்டர்வியூ அன்று வாசலில் செக்யூரிட்டி நீட்டும் நோட்டில் ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்திலும் ‘கலை, எச்.ஆர்.’ என்று எழுதினால் உள்ளே விட்டுவிடுவார்கள்.